பாடத்திட்டம்: கேமரா காட்டும் முகம், எடிட் செய்த முகம், நம் முகம்

வகுப்பு: 9. நேரம்: இரண்டு பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், முடிந்தால் அடுத்தடுத்த நாளில். இடம்: உயர் தொழில்நுட்ப ஆய்வகம். கரண்ட் போனால் வகுப்பறையே போதும், படங்களை முன்கூட்டியே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பிப் பாடம் திட்டமிட முடியாது.

தேவையானவை: ஒரு போன், ஸ்கேல், ஆசிரியருடைய இரண்டு போட்டோ பிரிண்ட், சூழ்நிலைச் சீட்டுகள், ஒரு சார்ட்.

எதற்காக இந்தப் பாடம்

ஆண்டு விழாவுக்கும் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கும் எடுக்கிற படங்களை நம் பிள்ளைகள் ஆப்பில் போட்டு வெளுப்பாக்காமல் ஸ்டேட்டஸில் வைப்பதே இல்லை. பனிக்காற்றில் கன்னம் வெடித்துச் சிவந்திருக்கும், மலைவெயிலில் முகம் கறுத்திருக்கும், இங்கே வளர்கிற எல்லாருக்கும் அது உண்டு. அதையெல்லாம் ஒரே தட்டில் அழித்துவிட்டு அந்தப் படத்தோடு கண்ணாடியை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், கண்ணாடி தோற்றுப்போகிறது. எடிட் செய்யாதே என்று சொல்ல இந்தப் பாடம் இல்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. எந்த மாற்றம் கேமராவின் குறையைச் சரிசெய்கிறது, எது முகத்தையே குறையாக்குகிறது, அதை யார் முடிவு செய்தார்கள், பார்க்கிறவருக்குத் தெரியுமா என்று அவர்களாகவே கேட்கப் பழக வேண்டும். அவ்வளவுதான் நோக்கம்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விதிகள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாணவர் யாருடைய படத்தையும் திரையில் போடக்கூடாது, அவர்களே ஆசையாகக் கொடுத்தாலும். வகுப்பில் இருக்கும் யாருடைய நிறம், எடை, பல், பரு பற்றியும் யாரும் பேசக்கூடாது, பாராட்டாகக்கூட. படுகர் வீட்டுப் பிள்ளையும் இருளர் வீட்டுப் பிள்ளையும் தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு இது, நிறம் பற்றிய ஒரு சொல் யார் மேல் போய் விழும் என்று நமக்குத் தெரியாது.

முதல் பாடவேளை

முதல் 15 நிமிடம் அளவெடுப்பது. உங்கள் முகத்தை இரண்டு தடவை எடுத்திருக்க வேண்டும்: கையை மடக்கிப் பிடித்து 30 செ.மீ. தூரத்தில் ஒன்று, வேறொருவரை 1.5 மீட்டர் தள்ளி நிற்க வைத்து ஜூம் செய்து ஒன்று. இரண்டிலும் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள் (பல போன்களில் அது தானாகவே ஆன் ஆகி இருக்கும், கேமரா செட்டிங்கில் போய்ப் பாருங்கள்). பிரிண்டுகளைக் குழுக்களுக்குக் கொடுத்து, மூக்கின் அகலத்தை முகத்தின் அகலத்தால் வகுக்கச் சொல்லுங்கள். கணக்கு வரும்போது வகுப்பு கலகலக்கும், விடுங்கள், உங்கள் மூக்குதானே. கிட்ட எடுத்த படத்தில் மூக்கு நன்றாகவே பெருத்திருக்கும். இந்த இரண்டு தூரத்துக்கும் இடையே சுமார் 30 சதவீதம் வித்தியாசம் வரும் என்று 2018-இல் வந்த ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வு கணக்கிட்டது, மூக்கு பெரிதாக இருக்கிறது என்று செல்ஃபியைக் காட்டி அறுவை சிகிச்சை கேட்டு வருகிறவர்கள் இருப்பதால்தான் அந்தக் கணக்கே போட்டார்கள். லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், மூக்குதான் முகத்தில் முன்னால் நிற்கிறது. இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்: எடிட்டே செய்யாத இந்தப் படம் உண்மையா? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். கேமராவும் ஓர் அபிப்பிராயம்தான் சொல்கிறது என்று பிள்ளைகள் வாயிலிருந்து வந்தால் நல்லது, வராவிட்டால் நாளை வரும்.

அடுத்த 15 நிமிடம், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது. போன் வந்த பிறகுதான் இதெல்லாம் என்று நினைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் சுருக்கத்தை மறைத்தார்கள், போட்டோஷாப் வந்ததே 1990-இல்தான். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருந்த அட்டையைத்தான் அனுப்பியது, அதை அளவாக வைத்துக் கழுவிய படத்தில் கறுத்த முகங்கள் விவரம் தெரியாமல் இருண்டுபோயின. அதாவது நம் பாட்டி கல்யாண ஆல்பத்தில் அடையாளமே தெரியாமல் இருப்பதற்கு அவர் நிறத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எதிர்த்திசையில் இன்னொன்று: 1994-இல் டைம் பத்திரிகை, கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை அட்டையில் போட்டபோது முகத்தை வேண்டுமென்றே இருட்டாக்கியது, அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றாமல் போட்டதால் கடைத்தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாட்டிக்கொண்டது. குற்றவாளி என்று காட்ட ஏன் கறுப்பாக்கினார்கள், அழகு என்று காட்ட நாம் ஏன் வெளுப்பாக்குகிறோம், இரண்டும் ஒரே எண்ணத்தில் இருந்து வருகிறதா? இந்த ஒரு கேள்விக்கு 5 நிமிடம் கொடுங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்து, 2020-இல்தான் பெயரிலிருந்து ஃபேரை எடுத்தது என்பதை யாராவது வீட்டில் கேட்டறிந்து வந்து சொல்வார்கள்.

கடைசி 15 நிமிடம், இது மனசுக்குள் என்ன செய்கிறது. நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுப் பெண்கள் 144 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு எடிட் செய்த இன்ஸ்டாகிராம் படங்கள், சிலருக்கு அதே படங்களின் அசல். எடிட் செய்ததைப் பார்த்தவர்கள் தங்கள் உடலைப் பற்றிக் குறைவாக நினைத்தார்கள், மற்றவர்களோடு அதிகம் ஒப்பிட்டுக்கொள்ளும் குணமுள்ளவர்கள் இன்னும் குறைவாக. நான் முக்கியமாக நினைப்பது அடுத்த விஷயம்: ஃபில்டர் போட்டது அவர்களுக்குத் தெரிந்தது, உடலை மெலிதாக்கியது பெரும்பாலும் தெரியவில்லை. எடிட் என்று எனக்குத் தெரியும் டீச்சர், அதனால் என்னை ஒன்றும் செய்யாது என்று நிச்சயம் ஒருவர் சொல்வார், அவருக்கான பதில் இது. அப்புறம் ஃபிஜி தீவைச் சொல்லுங்கள். அங்கே ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. நிறைவாகச் சாப்பிட்டுத் திடமான உடம்போடு இருப்பதைத்தான் அழகு என்று நினைத்த ஊர் அது, மூன்றே ஆண்டுகளில் பள்ளிப் பெண்களில் பலர் தாங்கள் குண்டு என்று நம்ப ஆரம்பித்தார்கள். உணவைக் குறைக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்ற விவரத்துக்குள் போக வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அது யோசனை கொடுத்ததாகிவிடும்.

பையன்கள் இதெல்லாம் பெண்கள் விஷயம் என்று பின் பெஞ்சில் சாய்ந்துகொள்வார்கள். தோளை அகலமாக்குவதும், மீசையை அடர்த்தியாக்குவதும், வயிற்றில் கட்டு வரைவதும் அதே ஆப்புகளில்தான் இருக்கின்றன. அவர்களையே சொல்ல வையுங்கள், யார் செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாம் பாடவேளை

நேர்மையான எடிட் என்றால் என்ன? பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா? கேமராவின் தவறைத் திருத்துகிறோமா, ஆளையே திருத்துகிறோமா? பார்க்கிறவர் இதை நம்பி எதையாவது முடிவு செய்வாரா, செய்வார் என்றால் அவருக்குச் சொன்னோமா?

குழுக்களுக்கு இந்தச் சீட்டுகளைக் கொடுத்து 20 நிமிடம் விவாதிக்க விடுங்கள்:

- மூடுபனியில் எடுத்த படம் நீலமாக வந்திருக்கிறது, நிறத்தைச் சரிசெய்கிறாய்.
- நேற்று வந்த பருவை அழிக்கிறாய், பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தை விட்டுவிடுகிறாய்.
- குரூப் போட்டோவில் உன்னை மட்டும் மெலிதாக்குகிறாய், பக்கத்தில் நிற்கிறவளின் கை வளைந்துபோகிறது.
- பஸ் பாஸுக்குப் போட்டோ எடுக்கப் போகிறாய், கேட்காமலேயே ஸ்டுடியோவில் முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக்கித் தருகிறார்கள்.
- அக்காவுக்கு வரன் பார்க்க அனுப்பும் படத்தை அத்தை எடிட் செய்யச் சொல்கிறார்.
- நண்பன் முகத்தைக் கேலியாக மாற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள்.
- தேயிலை பறிக்கும் ஓர் அம்மாவின் படத்தை ஹோம்ஸ்டே விளம்பரத்துக்காகச் சுருக்கம் நீக்கி, கறை படிந்த விரல்களை வெள்ளையாக்கிப் போடுகிறார்கள்.

முதல் இரண்டும் சீக்கிரம் முடியும். அத்தை சீட்டில் சண்டை வரும், வரட்டும், அக்காவின் விருப்பம் என்ன என்று யாராவது கேட்கும்வரை காத்திருங்கள். கடைசிச் சீட்டுக்கு நேரம் மிச்சம் வையுங்கள். இந்த வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாவோ பாட்டியோ இலை பறிக்கப் போகிறவர்கள். அந்தக் கறை இலையின் சாறு, வேலை செய்கிற கையில் வருவது. அதை அழித்துவிட்டு அந்த வேலையை விற்பது என்ன நியாயம் என்று நான் கேட்பேன், என் கருத்து அது, பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால் மறுத்துப் பேசாமல் கேளுங்கள். அந்த அம்மாவே எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டால் வகுப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு சட்டம், 5 நிமிடம் போதும். விளம்பரத்தில் மாடலின் உடல் பருமனை மாற்றியிருந்தால் திருத்திய படம் என்று குறிப்பிட வேண்டும் என பிரான்ஸில் 2017 முதல் விதி. நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து பணம் வாங்கிப் பதிவிடும் இன்ஃப்ளூயன்சர்களும் உடலின் வடிவம், அளவு, சருமத்தை மாற்றினால் முத்திரை போட வேண்டும். ஆனால் முத்திரையைப் பார்த்தாலும் மனசு தப்பிப்பதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. சொல்வது பார்க்கிறவருக்கு நாம் தரும் மரியாதை, ஆனால் மருந்து அல்ல. இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசி 20 நிமிடத்தில் சார்ட்டில் ஆண்டு விழாப் படங்களுக்கான வகுப்பு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வார்த்தைகள் அவர்களுடையதாக இருக்கட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் திருத்தி எழுதாதீர்கள். வெளிச்சம், நிறம், கோணல் சரிசெய்யலாமா, முகத்தையும் உடம்பையும் தொடலாமா, வேண்டாம் என்று ஒருவர் சொன்ன படத்தை என்ன செய்வது, இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, படம் எடுக்க வருகிற அண்ணனிடம் முதல் நாளே ஒரு நகல் கொடுக்கும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுங்கள்.

வீட்டுப்பாடம்: சொந்தப் போனோ, அப்பா போனோ, கேமராவில் பியூட்டி மோடு ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்த்து ஐந்து வரி எழுதி வர வேண்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை பழைய குடும்பப் படம் ஒன்றைப் பற்றி எழுதலாம், அதைத் தனியாகச் சொல்லிக் கூச வைக்காமல் முதலிலேயே இரண்டில் ஒன்று என்று அறிவித்துவிடுங்கள்.

மதிப்பீடு: மதிப்பெண் வேண்டாம். புதிதாக ஒரு சூழ்நிலையைக் கொடுத்து மூன்று கேள்விகளையும் பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ஆசிரியர் கவனத்துக்கு: இந்தப் பாடம் நடந்த வாரத்தில் சத்துணவைத் தொடாமல் வைக்கிற பிள்ளை, குரூப் படத்தில் நிற்க மறுக்கிற பிள்ளை, எந்நேரமும் முகத்தை மூடிக்கொள்கிற பிள்ளை இருந்தால் எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியாகப் பேசுங்கள். நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்று ஆறுதல் சொல்லி முடித்துவிடாதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள், யாராவது படத்தை மாற்றி மிரட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு 14416, இரண்டையும் பலகையின் ஓரத்தில் முதல் நாளே எழுதி அழிக்காமல் விட்டுவிடுங்கள்.