வேப்பமரத்தடிச் சக்கரம்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், என்னுடன் பயிலும் மாணவ மாணவியருக்கும் பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் சார்பில் காலை வணக்கம்.

நம் பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தினமும் அதன்மீது புத்தகப்பையை மாட்டுகிறோமே தவிர, அதை உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. சக்கரம் என்றதும் வட்டம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உருண்டு ஓடும் மரத்தடியை மனிதர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். அவர்களுக்குக் கடினமாக இருந்தது சக்கரத்தையும் அச்சையும் பொருத்துவதுதான். துளை இறுக்கமாக இருந்தால் சக்கரம் சுழலாது. தளர்வாக இருந்தால் ஆடிக் கழன்றுவிடும். சறுக்குப் பலகையில் சுமையை இழுக்கும்போது பலகையின் அடிப்பாகம் முழுவதும் தரையில் உராய்கிறது. வண்டியிலோ அந்த உராய்வு அச்சும் துளையும் சந்திக்கும் சிறிய இடத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் மை போட்டுவிட்டால் ஒரு சோடி மாடுகள் பல மூட்டை நெல்லை இழுத்துச் செல்லும்.

ஸ்லோவேனியா நாட்டின் லியுப்லியானா சதுப்பு நிலத்தில் 2002ஆம் ஆண்டு ஒரு மரச் சக்கரம் அச்சுடன் கண்டெடுக்கப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 5,150 ஆண்டுகள். அச்சின் முனை சதுரமாகச் செதுக்கப்பட்டு, சக்கரத்தின் சதுரத் துளைக்குள் பொருத்தப்பட்டிருந்ததால், சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழன்றன. அக்காலச் சக்கரங்கள் பலகைகளை இணைத்துச் செய்யப்பட்டவை, ஆகவே கனமானவை. கி.மு. 2000ஐ ஒட்டி யூரல் மலைப் பகுதியில் ஆரக்கால் வைத்த சக்கரங்கள் வந்த பிறகுதான் தேர் வேகமாக ஓடியது. வேப்பமரத்தடியில் உள்ளதும் அந்த வழியில் வந்ததே: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், வெளியே வட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டை. பட்டையை நெருப்பில் காய்ச்சி விரிவடையச் செய்து, வட்டையில் ஏற்றியவுடன் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது அத்தனை மரத்துண்டுகளையும் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்று நாம் பாடத்தில் படிப்பதை, பட்டறைக்காரர்கள் கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருந்தார்கள்.

சக்கரம் மட்டும் இருந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய மெக்சிகோவில் சக்கரம் வைத்த மண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ஆயினும் வண்டி இழுக்க அங்கே மாடோ குதிரையோ இல்லாததால், மக்கள் தலையிலும் முதுகிலுமே சுமந்தார்கள். மாட்டைப் பழக்கியிருந்த சிந்துவெளியிலோ சுடுமண் பொம்மை வண்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்தப் பிள்ளைகள் தெருவில் கண்ட வண்டியைத்தான் வீட்டில் உருட்டி விளையாடியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

குயவரின் சக்கரம் படுத்துக்கிடந்து சுழல்வது. மெசபடோமியாவில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்பாண்டம் வனையத் தட்டு சுழன்றது. அதற்கு முன்பு களிமண்ணைத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, கையால் வழித்துப் பானை செய்தார்கள். ஒரு பானைக்கே வெகுநேரம் பிடித்தது. சக்கரம் கனமாக இருப்பதால், கோலால் ஒருமுறை வேகமாகச் சுற்றிவிட்டால் நெடுநேரம் தானே சுழல்கிறது. குயவரின் இரு கைகளும் மண்ணுக்கே கிடைக்கின்றன. விரல் அசையாமல் நிற்க மண் சுழல்வதால், பானையின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் எழுகிறது. ஒரே அளவில் பல பானைகள் செய்ய முடிந்ததால், தானியம் சேமிப்பதும் விற்பதும் எளிதாயின.

வேளாண்மையில் சக்கரம் முதலில் விளைச்சலை வீட்டுக்கும் எருவை வயலுக்கும் கொண்டுசென்றது. நம் ஊர்க் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில், கிணற்றின் விளிம்பில் நட்ட மரச்சட்டத்தில் ஓர் உருளை இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும்; அந்த இழுவையை உருளை மேல்நோக்கித் திருப்பும்; தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். தரையில் ஓடாத சக்கரமும் உழவருக்கு உழைத்தது என்பதற்கு அதுவே சான்று. இன்று சேற்று வயலில் இறங்கும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறார்கள். அது புதையாமல் நகர்ந்தபடியே சேற்றையும் கலக்கிவிடுகிறது.

பழந்தமிழில் சக்கரத்துக்குக் ‘கால்’ என்றும் பெயர் உண்டு. வண்டி நடப்பது அதனால்தானே!

மதிய இடைவேளையில் அந்தச் சக்கரத்தின் குடத்துக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே பொருத்திய இரும்புக் குழாய் சுற்றிலும் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். வண்டியின் சுமை அச்சிலிருந்து சக்கரத்துக்கு இறங்கிய இடம் அது.

நன்றி, வணக்கம்.