பதினஞ்சு ஆம்பியர்

ஏழரைக்குப் போன கரண்ட் எட்டேகாலுக்கு வந்தது. தெருப் பிள்ளைகள் வழக்கம்போல ஓவென்று கத்தினார்கள். அடுத்தடுத்த வீடுகளில் மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. முருகேஸ்வரி வீட்டில் டியூப் லைட் ஒரு தடவை வெட்டியது. கிரைண்டர் 'உம்ம்' என்று முனகியது. வாசல் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மறுபடி இருட்டு.

நடுக்கூடத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வந்துவிடும் என்று எதற்கோ ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டதும், இது நம்ம வீட்டுப் பிரச்சினைதான் என்று புரிந்தது.

கிரைண்டரில் ரெண்டு கிலோ உளுந்து பாதி அரைந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு அண்டாக்களில் இட்லி அரிசி ஊறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ராத்திரிக்குள் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால்தான் விடியும்போது மாவு பொங்கும். ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் டிபன் கடைக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து நிற்பார். மாவு இல்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டே போய் அடுத்த நாளிலிருந்து வேறு ஆளிடம் வாங்குவார். திருமங்கலத்தில் மாவு அரைக்கிறவர்களுக்கா பஞ்சம்?

இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. எதிர்வீட்டுத் தனபால் அண்ணன். கணவர் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருகிறவர். ஆகவே ஃபியூஸ் போனால் தனபால் அண்ணன், குழாய் ஒழுகினால் தனபால் அண்ணன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளும்மா, பொம்பளைங்க இதுல கை வைக்கக் கூடாது" என்று வருவார். அவளுக்கு டார்ச் பிடிக்கிற வேலை. "நேராப் பிடிம்மா, என் கைல அடி, மூஞ்சில அடிக்காத" என்று அதிலும் திட்டு. வேலை முடிந்ததும் கூலி என்று எதுவும் கேட்க மாட்டார். ஒரு தூக்குவாளியை நீட்டுவார். அதில் மாவு போகும். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகும்.

அண்ணன் வீடு பூட்டியிருந்தது. தூத்துக்குடியில் கல்யாணம், நாளை மதியம்தான் வருவார் என்று அவர் வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி சொன்னாள். எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள். "அக்கா, நான் உசிலம்பட்டில இருக்கேன், காலைல ஒம்போது மணிக்கு வந்துர்றேன்" என்றான். மகளுக்குப் போன் போடலாமா என்று யோசித்தாள். ஹாஸ்டலில் இருந்து அது என்ன செய்யும்? பதறும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

பழைய வீடு. மரப்பலகை மேல் மீட்டர், அதற்குக் கீழே இரும்புப் பெட்டியில் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச், அதற்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் மூன்று ஃபியூஸ் கட்டைகள். முதல் கட்டை வீடு முழுவதுக்கும், இரண்டாவது லைட்டுக்கும் ஃபேனுக்கும், மூன்றாவது பிளக் பாயிண்டுகளுக்கு. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டார்ச் பிடித்த கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை, அதனால் தெரிந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் சீல் வைத்திருக்கிறதே, அது ஈ.பி.காரர்களுடையது, அதைத் தொடவே கூடாது என்பதும் தெரியும். மெயினை அணைத்தாலும் அதற்குள் வருகிற வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதும் தெரியும். அண்ணன் ஒருமுறை அந்த இடத்தில் விரலை வைத்து, மூன்றடி தள்ளி விழுந்து, "சும்மா வழுக்கிருச்சும்மா" என்று எழுந்ததை அவள்தானே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினாள். 'டக்' என்று கனமாக விழுந்தது. சரி.

அப்புறம் உள்ளே போய் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினாள். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினாள். கொல்லைப் பக்கம் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் போட்டபடியே இருந்தது; கரண்ட் போனபோது தொட்டி நிறையவில்லை. அதையும் அணைக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. கரண்ட் திரும்பி வந்த அந்த நொடியில் மூன்று மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. ஓடுகிற மோட்டாருக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், நிற்கிற மோட்டார் கிளம்பத்தான் பல மடங்கு இழுக்கும். அதிலும் கிரைண்டர், கல்லைச் சுற்றி உளுந்து இறுகிப்போய் நகர முடியாமல் முனகியது. ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்?

கைகளைத் துடைத்தாள். மாவு வேலை செய்கிற கை, எப்போதும் ஈரம்தான்; முந்தானையில் துடைத்தது போதாதென்று காய்ந்த துண்டால் விரல் இடுக்குகளையும் துடைத்தாள். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். உட்கார்கிற மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். டார்ச்சை யார் பிடிப்பது? வாயில் கவ்விப் பார்த்தாள், எச்சில் ஒழுகியது. கடைசியில் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். நேராக அடித்தது. திட்டவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் கட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்து இழுத்தபோது 'சட்'டென்று கையோடு வந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் ஒன்றும் ஆகவில்லை.

திருப்பிப் பார்த்தாள். பீங்கானின் வெள்ளைமேல் புகை அடித்ததுபோல் கருப்பு. இரண்டு திருகிலும் அரை அங்குலத்துக்கு வயர் மிச்சமிருந்தது. நுனிகள் உருகி, கடுகை விடச் சின்னதாய் ஒரு மணி போல உருண்டிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா? இத்தனை வருஷம் இதற்குத்தான் ஒரு ஆள், ஒரு கைலி, ஒரு அதட்டல்!

தையல் மெஷின் டிராயரில் ஃபியூஸ் வயர் சுற்றிய அட்டை கிடந்தது. மூன்று தடிமனில் மூன்று சுற்று: 5, 10, 15 என்று ஆம்பியர் எழுதியிருந்தது. எதைப் போடுவது? திருகில் மிச்சமிருந்த துண்டைக் கழற்றி அட்டையில் இருந்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தாள். பதினஞ்சோடு பொருந்தியது. ஆனாலும் ஒரு சந்தேகம். சரி, லைட் கட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்போம் என்று இரண்டாவதையும் உருவினாள்.

அங்கே இருந்தது ஃபியூஸ் வயரே இல்லை. சாதாரண வயரைச் சீவி, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளைக் கத்தையாக முறுக்கி வைத்திருந்தது. போன பொங்கலுக்கு முன்னால் அண்ணன் போட்டது. "இனி உன் ஆயுசுக்கும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான், போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கிற நாற்பது வருஷத்து வயர் காய்ந்து எரியும்.

முருகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. கோபம் வந்த இடத்தில் அதற்கு இடம் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

டெஸ்டர் முனையால் திருகுகளைத் தளர்த்தினாள். கரியைத் துணியால் துடைத்தாள். பதினஞ்சு ஆம்பியர் வயரில் ஒரு சாண் வெட்டி, முதல் திருகைச் சுற்றி வளைத்தாள். இடப்பக்கமாக வளைத்ததும், முடுக்க முடுக்க வயர் வெளியே பிதுங்கி வந்தது. கழற்றிவிட்டு, திருகு முடுங்குகிற பக்கமாகவே சுற்றினாள். இப்போது திருகே வயரை உள்ளே இழுத்துக்கொண்டது. பீங்கானின் பள்ளம் வழியாக மறுபக்கம் கொண்டுபோய், விறைக்காமல் கொஞ்சம் தொய்வாக விட்டு, அந்தத் திருகையும் முடுக்கினாள். மிச்சத்தை நறுக்கினாள். லைட் கட்டையில் இருந்த செம்புக் கத்தையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அஞ்சு ஆம்பியர் போட்டாள். இரண்டாவது கட்டைக்கு முதலில் ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

கட்டைகளைச் செருகினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெயினை மேலே தள்ளினாள்.

வாசல் பல்பு எரிந்தது. கூடத்து ஃபேன் ஓடியது. மூன்று சுவிட்சுகளையும் போட்டுப் போட்டு அணைத்தாள். சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத வீட்டில் தனியாகச் சிரித்துவிட்டு, எதிர் திண்ணையில் பாட்டி பார்க்கிறாளா என்று எட்டியும் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜை முதலில் போட்டாள். அது ஓடி நிதானித்த பிறகு, கிரைண்டரில் இருந்த உளுந்தில் பாதியை வழித்துக் குண்டானில் போட்டு, தண்ணீர் தெளித்து, கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சுவிட்சைத் தட்டினாள். கல் உருண்டது. வழித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். தண்ணீர் மோட்டார் விடியும்வரை காத்திருக்கட்டும். பன்னிரண்டரைக்குக் கடைசி அண்டாவைக் கரைத்து மூடினாள்.

காலையில் ஒன்பது மணிக்கு எலக்ட்ரீசியன் போன் செய்தான். "அக்கா, கிளம்பிட்டேன்."

"ஃபியூஸ் போட்டாச்சு தம்பி. நீ வேற வேலைக்கு வா. கிரைண்டருக்குத் தனியா லைன் இழுக்கணும். இந்தக் கட்டையெல்லாம் எடுத்துட்டு எம்.சி.பி. போடணும். பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்."

"அண்ணன்கிட்டப் பேசிக்கவாக்கா?"

"எந்த அண்ணன்கிட்ட? கிரைண்டர் ஓட்றது நானு."

மதியம் தனபால் அண்ணன் வந்தார், கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காய்ந்திருக்க. பாட்டி சொல்லியிருப்பாள்போல, நேராக ஃபியூஸ் பலகை முன்னால் போய் நின்றார்.

"யாரும்மா வந்து போட்டது?"

"நாந்தாண்ணே."

அவர் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "லைட்டுக்கு நான் போட்டதையும் மாத்திட்டியா? இம்புட்டு மெல்லிசா போட்டா அடிக்கடி போகுமேம்மா."

"போகட்டும்ண்ணே. வீடு போகாம இருந்தாச் சரி. உங்க வீட்லயும் அப்படித்தான் முறுக்கி வச்சிருக்கீங்களா? கழட்டிருங்க. அட்டைல வயர் மிச்சம் இருக்கு, வேணும்னா நான் வந்து போட்டுத் தாரேன்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் தூக்குவாளியை நீட்டினார். முருகேஸ்வரி அதை வாங்கி, நிறைய மாவு ஊற்றி, மூடியைத் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

"நாப்பது ரூபாண்ணே."

"சில்லறை இல்லியேம்மா."

"பரவால்லண்ணே, ஸ்கேன் பண்ணுங்க" என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள்.