இரண்டாவது சுருள்

படத்தில் தாலி கட்டுகிற காட்சி கிடையாது என்பதை அருண் முதலிலேயே சொல்லிவிட்டான். இல்லையென்றால் பென் டிரைவை டிவியில் செருகிய நிமிடத்திலிருந்து ஆச்சி அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். சிங்கப்பூர் மாமா அன்றைக்குக் கொண்டுவந்தது சூப்பர் 8 கேமரா. ஒரு சுருள் மூன்று நிமிடமும் இருபது நொடியும்தான் ஓடும், அவர் கையில் இருந்ததே இரண்டு சுருள். முதல் சுருளை மாப்பிள்ளை அழைப்பிலும் நாதஸ்வரக்காரரின் கன்னத்திலும் தீர்த்துவிட்டு அடுத்ததை மாட்டிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கொட்டி முடிந்துவிட்டது.

"அவரு எப்பவும் அப்படித்தான். பஸ்ஸு போன பொறவுதான் ஸ்டாப்புக்கு வருவாரு" என்றாள் கோமதி.

கோமதி ஆச்சிக்கும் சிதம்பரம் தாத்தாவுக்கும் கல்யாணம் 1974 ஆவணியில், வில்லுக்குறியில், பெண் வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டு நடந்தது. மாமா சிங்கப்பூர் திரும்பி, படத்தைக் கழுவக் கொடுத்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்பினார். டப்பா வந்தது, அதை ஓட்டிப் பார்க்க புரொஜெக்டர்தான் வரவில்லை. சிதம்பரம் நாகர்கோவிலுக்கு எடுத்துப்போய் விசாரித்தார். அங்கே இருந்தது 16 எம்எம் மெஷின், அதில் இந்த ஒல்லிப் பிலிம் ஏறாது. மாமா அடுத்த லீவில் புரொஜெக்டர் கொண்டுவருவதாகச் சொன்னார், அடுத்த லீவில் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அப்புறம் பிள்ளைகள், வேலை, வீடு கட்டினது என்று டப்பா மச்சில் ஏறியது ஏறியதுதான். போன மழைக்காலத்தில் மச்சிலிருந்து புளித்த காடி மாதிரி ஒரு நாற்றம் வந்தபோது எலி எதுவும் செத்துக்கிடக்கிறதா என்று பார்க்க ஏறிய அருண்தான் அதைக் கண்டுபிடித்தான். பழைய அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் அந்த நாற்றம் வருமாம்.

சென்னையில் ஒருவர் பூஞ்சையைத் துடைத்து, சுருங்கிப்போன பிலிமை மெதுவாக ஸ்கேன் செய்து, கீறல்களை எடுத்துக் கொடுத்தார். சுருளுக்கு 3600 படம், ஒவ்வொன்றாக. செலவு எவ்வளவு என்று சிதம்பரம் கேட்டதற்கு அருண் பாதியைத்தான் சொன்னான், அதற்கே அவர் மூக்கைச் சுழித்தார்.

சரி, படம் ஓடியது. சத்தம் கிடையாது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார், கழுத்து தாங்காத அளவுக்கு மாலை, மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி.

"இது யாரு தாத்தா, இவ்வளவு மெலிஞ்சு?"

"சோறு போட ஆளில்லாத காலம்லா" என்றார் சிதம்பரம், ஓரக்கண்ணால் கோமதியைப் பார்த்து. கோமதி இதையெல்லாம் காதில் வாங்குகிற நிலையில் இல்லை. கல்யாணப் பெண் வரும்போதுகூட அவள் தன்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் துழாவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுருள் முழுக்கப் பந்திதான். அந்தப் பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், பந்தலுக்குள் இருட்டாக இருந்திருக்கும். அதனால் மாமா பக்கத்துத் தென்னந்தோப்பில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுவிட்டார். வரிசையாக இலை, அவியல், எரிசேரி, உப்பேரி, இலை ஓரத்தில் மட்டிப்பழம். அப்புறம் பித்தளை வாளியோடு ஒருவர் வரிசையில் நடந்து வருகிறார்.

"அப்பா" என்றாள் கோமதி.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற ஸ்டூடியோ படம்தான் அவளிடம் இருந்த ஒரே அப்பா, காலரை இறுக்கிக்கொண்டு யாருக்கோ பயந்த மாதிரி உட்கார்ந்திருப்பவர். இங்கே வருகிறவர் இடது காலைக் கொஞ்சம் சவட்டிச் சவட்டி வைக்கிறார். பழைய படத்தில் எல்லாரும் ஓட்டமாக ஓடுவார்களே, அப்படி இல்லை. எடுத்த வேகம் நொடிக்கு 18 படம், அதே வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று சென்னைக்காரர் பிடிவாதமாக இருந்திருக்கிறார். அதனால் அது அப்பாவின் நடையேதான். அவர் அப்படி நடப்பார் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

வாளி ஓர் இலை முன்னால் நின்றது. பச்சைப் பட்டு, பெரிய மூக்குத்தி, நிமிர்ந்த முதுகு.

"மைனி!" கோமதி நாற்காலியிலிருந்து முன்னால் வந்துவிட்டாள்.

இங்கே அருணுக்கே தெரிந்த ஒரு கதை உண்டு, அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். சிதம்பரத்தின் அக்கா பகவதிக்கு முதல் பந்தியில் இடம் போடவில்லை, அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரணியலுக்குத் திரும்பிவிட்டாள் என்பதுதான் அது. சாகும்வரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பகவதி இதைச் சொன்னாள். கோமதியின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு இரண்டு முறை அவள் வீட்டு வாசலில் போய் நின்றார், கதவு திறக்கவில்லை. மறு வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். சிதம்பரமும் சண்டை முற்றினால் கடைசி ஆயுதமாக இதைத்தான் எடுப்பார்: "எங்க அக்காளுக்குச் சோறு போடாத வீடுதானே?"

"அது அக்கா இல்லை" என்றார் இப்போது.

"பொறவு யாரு?"

"நிறமெல்லாம் கம்ப்யூட்டர்ல இவன் போட்டது. பச்சைப் பட்டா இருந்திருக்காது."

"இல்ல தாத்தா, இது கோடாக்குரோம் பிலிம். இருட்டுல கிடந்தா அம்பது வருஷம் ஆனாலும் நிறம் போகாது. அவங்க பூஞ்சையைத்தான் எடுத்தாங்க."

டிவியில் பகவதி இலையைக் கையால் மறைத்தாள்.

"பாத்தியா! வேண்டாம்ங்கா!" சிதம்பரம் துள்ளிவிட்டார்.

அப்பா குனிந்து என்னவோ சொல்கிறார். என்ன சொன்னாரோ, கை நகர்ந்தது. பிரதமன் விழுந்தது. பகவதி பப்படத்தை நொறுக்கிப் போட்டு, ஒரு பழத்தையும் உரித்துப் பிசைந்து, கேமரா பார்க்கிறது என்கிற நினைப்பே இல்லாமல் வழித்துச் சாப்பிட்டாள். கேமரா எங்கேயோ ஒரு குழந்தையைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வரும்போது அவளே வாளியைக் கைகாட்டி அழைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றாள் கோமதி. அருண் நிறுத்தினான். அப்பா வாளியோடு பாதிக் குனிந்தபடி நின்றார், சிரிப்பு பாதி வந்த முகம்.

"இந்த மனுஷன் அந்த வாசல்ல நின்னாரே. ரெண்டு தடவை நின்னாரே. நீங்களும் உள்ளதான இருந்தீங்க அன்னைக்கு?"

சிதம்பரம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். ஏதாவது சொல்வார் என்று அருண் காத்திருந்தான். கிழவர் எழுந்து ஜன்னல் திட்டில் கிடந்த போனை எடுத்து, எட்டக் கையை நீட்டி வைத்து, நம்பரைத் தேடினார். குளச்சலில் இருக்கிற அக்கா மகனுக்கு.

"யாரு, செந்திலா? மாமன் பேசுறேன். ஒண்ணுமில்ல, எல்லாரும் சுகந்தான். டேய், உங்க அம்மை சாப்பிட்டிருக்கா டே."

பகவதி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மறுமுனையில் செந்தில் என்ன கேட்டிருப்பான் என்று ஊகிக்கலாம்.

"இப்ப இல்லடே, கல்யாணத்துக்கு! எங்க கல்யாணத்துக்கு! நான் கண்ணால பாத்தேன், இந்தா டிவியில நிக்கா. நீ ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா, உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வா, வந்து பாரு."

"ரெண்டு மட்டம் வாங்கினதையும் சொல்லுங்க" என்றாள் கோமதி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு மட்டம் பிரதமன் வாங்கியிருக்கா டே" என்று சிதம்பரம் போனில் கத்தினார்.