‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’: ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டிய கேள்விகள்

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 10 மணி, பாளையங்கோட்டையில் வழக்கமான இடம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் நூலை முழுக்க முடிக்காதவர்களும் வரலாம். எல்லாக் கேள்விக்கும் தயாராக வேண்டியதில்லை. மூன்றாவதற்கு மட்டும் கட்டாயம் யோசித்துவிட்டு வாருங்கள், பாதி நேரம் அதற்குத்தான்.

1. கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், விபின் சந்திர பாலர் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9இல் திரண்ட கூட்டம், 12இல் வ.உ.சி., சிவா கைது, மறுநாள் நெல்லையில் தீ. இந்த வரிசையில் எந்த இடத்தில் அதிகாரிகள் வேறு மாதிரி நடந்திருந்தால் மார்ச் 13 அமைதியாகக் கழிந்திருக்கும்? மில் தொழிலாளர்கள் வென்றது ஊருக்குத் தைரியம் கொடுத்ததா?

2. அன்று தாக்கப்பட்டவற்றில் நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், தபால் நிலையம் எல்லாம் உண்டு. கண்மண் தெரியாத கோபமா, இலக்கு பார்த்து எழுந்த கோபமா? நூலில் இதற்கு என்ன சான்று?

3. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களோ, கடையடைத்தவர்களோ, கைதானவர்களோ நமக்காக நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றித் தெரிவதில் பெரும்பங்கு போலீஸ், நீதிமன்ற ஆவணங்கள் வழியாகத்தான். அதாவது, அவர்களைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட தாள்கள் வழியாக. நூலிலிருந்து ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள், தலைவர்கள் வேண்டாம். அவரைப் பற்றிய செய்தி எங்கிருந்து வருகிறது? அதை எழுதியவருக்கு என்ன தேவை இருந்தது? ஆசிரியர் அதை அப்படியே ஏற்கிறாரா, வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாரா? எந்த இடத்தில் ஊகிக்கிறார், அதைச் சொல்லிவிட்டு ஊகிக்கிறாரா? பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

4. கலகத்தில் கலந்துகொள்ளாதவர்கள் தலையிலும் தண்டக் காவல் படையின் செலவு விழுந்தது. இப்படி ஊருக்கே தண்டனை கொடுத்தால் ஊர் ஒன்றுசேருமா, பிளவுபடுமா?

5. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் குறைந்தது. 1912 கடைசியில் அவர் விடுதலையானபோது பெரிய வரவேற்பு இல்லை. ‘மக்கள் நன்றி மறந்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். இடையில் 1911இல் மணியாச்சியில் ஆஷ் கொலையும், அதைத் தொடர்ந்த வழக்கும் வந்துபோயிருந்தன. பயம் எவ்வளவு, சோர்வு எவ்வளவு, தலைமை இல்லாமை எவ்வளவு?

6. நெல்லை, தூத்துக்குடி பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்: 1908 பற்றி வீட்டில் யாராவது பேசிக் கேட்டதுண்டா? ‘இல்லை’ என்றாலும் சொல்லுங்கள், ஏன் இல்லை என்று அப்புறம் பேசுவோம்.

நூல் கைவசம் இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் என் பிரதியைத் தருகிறேன். ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.