பின்கதை: 2019, பங்குனி

அந்த வருடம் புளி நன்றாகப் பிடித்திருந்தது. பிடித்து என்ன, தட்டுவதற்கு ஆள் இல்லை. முன்பு இந்த மாதத்தில் தெருவில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் நான்கு பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அவர்கள் நூறு நாள் வேலைக்குப் போய் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மாள் மட்டும் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, கட்டையால் தட்டி, நாரை உருவி, கொட்டையைத் தனியாக ஒரு சருவத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் கை பழைய வேகத்தில் போகவில்லை. கணக்கு மட்டும் அதே வேகத்தில் போனது. மூட்டைக்கு எத்தனை கிலோ கொட்டை கழியும் என்று அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

சாலையோரத்து நாற்பத்தேழாம் எண் மரம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டினார்கள். வெட்டுகிற அன்று அவள் போய்ப் பார்க்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அடிமரத்தில் ஒரு துண்டு பென்னாகரத்தில் ஒரு கறிக்கடைக்குப் போனது. கொத்துகிற கட்டைக்குப் புளியமரத்தை விட்டால் வேறு மரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் வரிசையில் நிற்கும்போது அவள் கட்டையைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கிணற்று வழக்கு 2009-இல் முடிந்தது. பதினாறு வருடம் நடந்த வழக்கு. கிணற்றில் பாதி சின்னம்மாளுக்குச் சொந்தம், பாதி பெருமாளுக்குச் சொந்தம், முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது என்று தீர்ப்பு. தர்மபுரியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். டிக்கெட் இரண்டையும் பெருமாள் எடுத்தார். பாதி வழியில், "கிணறு வற்றி நான்கு வருடம் ஆகிறது, அதை நீதிபதியிடம் யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். "நீங்கள் சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றாள் அவள். அதன் பிறகு பெருமாள் ஐந்து வருடம்தான் இருந்தார். அவருடைய பதினாறாம் நாளுக்கு இரண்டு கிலோ புளி இவள் வீட்டிலிருந்து போனது.

மகள் வசந்தாவுக்குப் பல் கறையால் மூன்று இடத்தில் கல்யாணம் தட்டிப்போனது. நான்காவதாக வந்தவனுக்கும் அதே பல். பக்கத்து ஊர், அதே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதே பழுப்புக் கறை. பெண் பார்க்க வந்த அன்று இருவரும் வாயை மூடிக்கொண்டே பேசினார்கள். கல்யாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறார்கள், யாரோ திட்டிவிட்டது போல. இப்போது அவள் தர்மபுரியில் செவிலியர். மூத்தவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்கும் அம்மாவின் பல்தான். ஒகேனக்கல் தண்ணீர் 2013-இல்தான் குழாய்க்கு வந்தது. அப்போது சின்னவள் மித்ராவுக்கு ஒரு வயது. அவளுக்குப் பால்பல் விழுந்து முன்னிரண்டும் போன தையில் முளைத்தன. வசந்தா அவற்றை டார்ச் அடித்துப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.

அந்த மித்ராதான் முதலில் ஆளைப் பார்த்தாள்.

"ஆயா, யாரோ நிற்கிறார்கள்."

பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவன் சாலையிலேயே நின்றான். தோளில் ஒரு துணிப்பை. தலை முன்பக்கம் வழுக்கை. நடை மட்டும் மாறவில்லை; இடது காலைச் சற்றே வெளியே வைத்து நடக்கிற அவர்கள் வீட்டு ஆண்களின் நடை. சின்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த பழத்தைத் தட்டி முடித்தாள்.

"வாங்க தம்பி" என்றாள்.

முனிராஜ் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து எப்போது புறப்பட்டான், மார்க்கெட்டில் இன்னும் மூட்டைதான் தூக்குகிறானா, எதையும் அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் களியும் கீரைக் கடைசலும் எடுத்து வந்தாள். அவன் ஒரு உருண்டையை முடித்துவிட்டு இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினான். நீட்டிய பிறகுதான் அவன் பார்வை வாசற்கதவைத் தாண்டி உள்சுவருக்குப் போனது.

சுவருக்கு வெளிர்பச்சை அடித்திருந்தார்கள். ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அதில் அடுப்புக்கரியால் போட்ட ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம் துணியால் தேய்த்த பதினொரு மங்கல்கள்.

"பெயிண்ட்காரரை ஆயா அந்த இடத்தைத் தொடவே விடவில்லை" என்றாள் மித்ரா. "அது என்ன கணக்கு என்று கேட்டால் சொல்லவும் மாட்டார்கள்."

பதினொரு மணியார்டர் வந்தது. ஆயிரம் ஆயிரமாக, சில சமயம் வருடத்துக்கு ஒன்று, ஒரு முறை மூன்று வருடம் கழித்து. செய்தி எழுதுகிற இடம் ஒவ்வொன்றிலும் காலியாகவே இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் ஈரத் துணியோடு உள்ளே போவாள். பன்னிரண்டாவது, 2011 ஆடியில் வந்தது. தபால்காரர் பணத்தை எண்ணி எடுத்தபோது, "ஆள் ஊரில் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள்" என்றாள், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. "அம்மா, நான் எப்படி அப்படி எழுதுவேன்?" "எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன்."

முனிராஜ் கை கழுவிவிட்டு வந்து, துணிப்பையில் துழாவி, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துச் சாக்கின் ஓரத்தில் வைத்தான். இளஞ்சிவப்பு. ஆயிரம் ரூபாய் நோட்டு.

"திரும்பி வந்தபோது தபால் ஆபீஸில் கொடுத்தது, அண்ணி. செலவழிக்கவில்லை."

சின்னம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மித்ராவும் எட்டிப் பார்த்தாள். அவள் அப்படி ஒரு நோட்டைப் பார்த்ததில்லை.

"இது செல்லாதே" என்றாள் சின்னம்மாள். "இரண்டு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்களே."

"தெரியும்."

"மாற்றிக்கொள்ள நாள் கொடுத்தார்களே. பாங்கில் வரிசையில் நின்றார்களே எல்லோரும்."

"நானும் ஒரு நாள் நின்றேன். நின்றுவிட்டு வந்துவிட்டேன்."

அவள் நோட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவனிடம் நீட்டினாள்.

"அப்படியென்றால் கோட்டை அழிக்க முடியாது, தம்பி."

"சரி அண்ணி."

வெயில் திண்ணைக்கு ஏறியிருந்தது. அவள் சாக்கை நிழலுக்கு இழுத்தாள். மறுமுனையை அவன் பிடித்தான். இறவாரத்தில் செருகியிருந்த இரண்டாவது கட்டையை எடுத்துத் தந்தாள். அவன் அண்ணன் பிடித்துப் பிடித்து நடுவில் தேய்ந்த கட்டை. அவன் இரண்டு பழங்களைத் தட்டினான். ஓட்டோடு கொட்டையும் நசுங்கியது.

"மெதுவாக" என்றாள். "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"ஐந்தரைக்கு."

"நாளைக்கும் அதே பஸ்தான்" என்று சொல்லிவிட்டு, மித்ராவை இன்னொரு சருவம் எடுத்து வரச் சொன்னாள்.