3 கிலோவாட் சோலார் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

வணக்கம் மேடம்,

நேற்று ராத்திரி அனுப்பிய மெசேஜைக் கடை திறந்ததும் பார்த்தேன். "3 கிலோவாட் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே ஒரு தொகை சொல்லிவிடலாம், ஆனால் வீட்டைப் பற்றித் தெரியாமல் சொல்லும் விலை மாடியைப் பார்த்ததும் மாறிவிடும். அதனால் நாலு விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

முதலில் கரண்ட் பில். கடைசி மூன்று பில்லில் எத்தனை யூனிட் வந்தது? கோடைக்காலப் பில்லும் அதில் இருந்தால் நல்லது. 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700 பக்கம். உங்கள் வீட்டில் 500 யூனிட்டுக்கு மேல் ஓடினால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். 200-க்குள் முடிகிறதென்றால், முதல் 100 எப்படியும் இலவசம்தானே. இப்போதைக்குச் சோலார் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், இது எதற்காக? பில் குறையவா, கரண்ட் போகும்போது ஃபேன் ஓடவா? இதைத்தான் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சிஸ்டம், கரண்ட் போனதும் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். பேனல் கரண்ட் லைனில் போய், கம்பத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். போன கோடையில் ஒரு வீட்டுக்குப் போனேன். வேறு யாரோ இதைச் சொல்லாமலே மாட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பவர்கட்டில் அந்த அம்மா, சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது என்று பதறிப்போயிருக்கிறார். பேட்டரியும் வேண்டுமென்றால் ஹைபிரிட் போட வேண்டும், பட்ஜெட்டே வேறு.

மாடி உங்களுக்கு மட்டும் சொந்தமா, அபார்ட்மென்ட்டா? சுமார் 300 சதுர அடி நிழல் இல்லாமல் வேண்டும். காலை 9 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஒவ்வொரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தண்ணித் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை இவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வேலை முடிந்து, நீங்கள் லைனில் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் வைத்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். இணைப்பு இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

பில், மாடி போட்டோக்களை இந்த வாட்ஸ்அப்பிலேயே போடுங்கள். ஒத்துவந்தால் சனிக்கிழமை காலை நானே டேப்போடு வந்து அளந்து, பேனல், இன்வெர்ட்டர், கம்பி, ஸ்டாண்ட் எல்லாம் தனித்தனியாக விலை எழுதித் தருகிறேன். வந்து பார்க்கக் காசு கிடையாது. ஒத்துவராது என்று பட்டால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுவேன். போனில் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் மாடி மேல் இருப்பேன்.