நாசிக் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் வேலை: என் பதிலும் முதலில் தெரிய வேண்டிய சில விவரங்களும்

வணக்கம் பவித்ரா மேடம்,

நாசிக் கூழ் ஆலை வேலை பற்றி உங்கள் கன்சல்டன்சியிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்த மெயிலுக்கு இன்றைக்குத்தான் பதில் எழுத முடிகிறது, மன்னிக்கவும். ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவனுக்கு என்ன கிழமை என்றே தெரியாது. நேற்று ராத்திரி மட்டும் பெங்களூரா மாங்காய் ஏற்றிய பதினேழு லாரி கேட்டுக்கு வெளியே நின்றது. இதையும் லேபில் உட்கார்ந்து, ஷிப்ட் மாறுகிற இடைவெளியில்தான் தட்டுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. இங்கே மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் மூச்சு விட நேரம் இருக்காது. ஆகஸ்டுக்குப் பிறகு கொஞ்சம் கொய்யா, கொஞ்சம் பப்பாளி ஓட்டுவோம், மிச்ச நாளெல்லாம் மெஷினைக் கழற்றித் துடைப்பதுதான். வருடம் முழுவதும் லைன் ஓடுகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நாசிக் பக்கம் தக்காளி, திராட்சை என்று மாற்றி மாற்றிப் பழம் வரும் என்பது தெரியும். ஆனால் உங்கள் மெயிலில் 'பழம், காய்கறிக் கூழ்' என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பழம், எந்த மாதம், அசெப்டிக் லைனா அல்லது டப்பாவில் அடைக்கிற லைனா என்று கேட்டுச் சொல்லுங்கள். அசெப்டிக்கில் 215 கிலோ டிரம் நிரப்புவதில் எனக்கு ஒன்பது வருட அனுபவம். தக்காளி பேஸ்ட்டில் ஹாட் பிரேக், கோல்டு பிரேக் எல்லாம் படித்ததோடு சரி, கை வைத்ததில்லை. இண்டர்வியூவில் போய் முழிப்பதை விட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான். அதற்குப் பதில் சரியாக வந்தால் மற்றதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு லாட்டை 'ஹோல்டு' போட்டு நிறுத்தும் அதிகாரம் தர மேலாளரிடம் இருக்கிறதா? அவர் போட்ட ஹோல்டை யார் எடுக்க முடியும்?

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம், இப்போது இருக்கும் இடமும் அது இல்லை) ஒரு கன்டெய்னர் மாங்கூழ், 80 டிரம், ஏற்றுமதிக்குத் தயாராக இருந்தது. பிரிக்ஸ், புளிப்பு, பி.எச். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அன்றைக்கு ஸ்டெரிலைசரில் வெப்பநிலை இரண்டு தடவை இறங்கி ஏறியதை சார்ட்டில் பார்த்தேன். அதனால் சாம்பிள் பைகள் இன்குபேட்டரில் பத்து நாள் இருக்கட்டும் என்று மஞ்சள் அட்டை கட்டிவிட்டு வந்தேன். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அட்டைகள் தரையில் கிடக்கின்றன, டிரம்கள் லாரியில் இருக்கின்றன. தரச் சான்றில் கையெழுத்து கேட்டார்கள். போட மாட்டேன் என்றேன். வேறு ஒருவர் போட்டுக் கொடுத்தார். ஆறாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தபோது இரண்டு பை பலூன் மாதிரி உப்பி நின்றன. அந்தச் சீசன் முடிந்ததும் நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

அதனால் நாசிக்கில் தர மேலாளர் யாருக்குக் கீழே வருகிறார் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். உற்பத்தித் தலைவருக்குக் கீழேயா, தலைமை அலுவலகத்துக்கு நேராகவா? உற்பத்தித் தலைவர் என்றால், மேலாளர் என்ற பட்டம் எதற்கு என்பது என் கட்சி. இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்பதையும் விசாரித்துச் சொல்ல முடியுமா? 'சொந்தக் காரணம்' என்று பதில் வந்தால், அவர் எவ்வளவு மாதம் இருந்தார் என்று மட்டுமாவது கேளுங்கள். அதிலேயே பாதி புரிந்துவிடும்.

இதையொட்டி இன்னொன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தப்பு நடந்தால் பதில் சொல்லக் கம்பெனி ஓர் ஆளை நாமினியாகக் காட்டலாம், படிவம் 9. அந்த இடத்தில் என் பெயரைப் போடப் போகிறார்களா? போடுவார்கள் என்றால் ஹோல்டு அதிகாரத்தையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுத்தில் தர வேண்டும். கோர்ட்டுக்குப் போக நான், லாரியை அனுப்ப இன்னொருவர் என்றால் எனக்குச் சரிப்படாது.

அடுத்தது பணம். '9 லட்சம் வரை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வரை' எனக்கு உறுத்துகிறது. மறைக்க ஒன்றும் இல்லை, இப்போது என் சி.டி.சி. 6.24 லட்சம். மாதம் கையில் 45 ஆயிரம் சொச்சம் வருகிறது, பேசிக் 24 ஆயிரம். நாசிக் சம்பளத்தில் நிலையாக மாதாமாதம் வருவது எவ்வளவு, வருடக் கடைசியில் 'பெர்ஃபார்மன்ஸ்' பார்த்துத் தருவது எவ்வளவு, கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் அந்த 9-க்குள்ளேயா வெளியேயா என்று பிரித்து ஒரு தாளில் கிடைத்தால் போதும். நான் தனியாகத்தான் வர முடியும் என்பதால் இரண்டு வீட்டுச் செலவு விழும். மனைவி இங்கே காவேரிப்பட்டணம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை, மகள் இந்த மாதம்தான் பத்தாம் வகுப்பு போகிறாள், அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. இவர்களை யாரையும் இப்போது அசைக்க முடியாது. ஆகவே கணக்கு இப்படி: நிலையான பகுதி மட்டும் 8 லட்சத்துக்குக் குறையாமல், ஆலைக்குப் பக்கத்தில் தங்க அறையோ குவார்ட்டர்ஸோ கொடுத்தால் நான் மேற்கொண்டு பேசத் தயார். தங்க இடம் இல்லை என்றால் அந்த 8-ம் பத்தாது.

லீவு பற்றியும் கேட்டாக வேண்டும். கிருஷ்ணகிரியில் ரயில் ஸ்டேஷனே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தர்மபுரியில் போய் குர்லா எக்ஸ்பிரஸ் பிடித்து, கல்யாணில் இறங்கி, நாசிக் ரோட்டுக்கு வண்டி மாற வேண்டும். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். இரண்டு நாள் லீவு கொடுத்தால் எனக்கு ரயிலுக்கே பத்தாது. வார ஓய்வைச் சேர்த்து வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டு நாள் மொத்தமாக எடுக்க விடுவார்களா? ஜனவரியில் அங்கே திராட்சை வரத்து என்றால் பொங்கலுக்கு ஊருக்கு வர முடியுமா? எங்கள் பக்கம் பொங்கல் மூன்று நாளில் முடியாது, அதற்குப் பிறகுதான் எருது விடும் விழாவே ஆரம்பிக்கும். எருதுக்காக லீவு கேட்கிறான் என்று சிரிக்காதீர்கள். வீட்டில் முதலில் வந்த கேள்வியே அதுதான். மகளுக்கு மார்ச், ஏப்ரல் பரீட்சை சமயத்தில் ஒரு வாரமாவது இங்கே இருக்க வேண்டும், அது எனக்குப் பொங்கலை விட முக்கியம்.

மொழி விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இல்லை. பத்து வருடமாக நான் வேலை பார்த்த லைன்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள்தான், இந்தியில் வேலை வாங்கத் தெரியும். மராத்தி தெரியாது, போனால் கற்றுக்கொள்வேன்.

சேரும் தேதிதான் இடிக்கும். 30 நாளில் வேண்டும் என்கிறீர்கள். என்னால் முடியாது. எனக்கு நோட்டீஸ் 60 நாள், அதைச் சீசன் நடுவில் கொடுத்துவிட்டுப் போகிற ஆளும் நான் இல்லை. அதோடு, இங்கே எனக்கு செப்டம்பர் 20-ல் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு முன் வெளியே போனால் கிராஜுட்டி கைக்கு வருமா என்பது சந்தேகம். பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்குப் போட்டால் 69 ஆயிரம் வருகிறது. யாருக்கும் விட்டுக்கொடுக்கிற தொகை இல்லை. ஜூலைக் கடைசியில் பேப்பர் போட்டால் செப்டம்பர் கடைசியில் விடுபட்டு அக்டோபர் முதல் வாரம் நாசிக்கில் இருப்பேன். முன்னாடியே வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், நோட்டீஸ் பணத்தையும் இந்த 69 ஆயிரத்தையும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஜூலை முடியாமல் வர மாட்டேன்.

பாண்டு எழுதி வாங்குவார்களா? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்பார்களா? ஒரிஜினலைக் காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன். உங்கள் கன்சல்டன்சிக்கு நான் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதையும் ஒரு வரியில் உறுதி செய்துவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவர் 'பதிவுக் கட்டணம்' என்று 4,500 ரூபாய் கட்டிவிட்டு இன்னும் போன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி பெயரை இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தொழில் முறை அது, புரிகிறது. ஆனால் பெயர் தெரியாமல் என் ரெஸ்யூமை யாருக்கும் அனுப்ப வேண்டாம். மாங்கூழ்த் தொழில் சின்ன வட்டம். இங்கே மண்டியில் தும்மினால் சித்தூரில் கேட்கும். இன்னொரு கன்சல்டன்சி மூலம் அதே கம்பெனிக்கு என் பெயர் ஏற்கெனவே போயிருந்தால் உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். பெயரைச் சொல்லுங்கள், ஒரு நாளில் சரி, இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்று வீடியோவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னால் வருகிறேன், போக்குவரத்துச் செலவு அவர்களுடையது. லைன் நிற்கிற நாளில் என்னைக் கூப்பிட வேண்டாம், ஓடுகிற நாளில் கூப்பிடச் சொல்லுங்கள். துடைத்து வைத்த மெஷினைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்டெரிலைசர் சார்ட்டையும், ஹோல்டு பகுதியில் என்ன நிற்கிறது என்பதையும் பத்து நிமிடம் பார்க்க விட்டால் போதும்.

ஹோல்டு அதிகாரம், நிலையான சம்பளம், அக்டோபர் தேதி, இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கூப்பிடுங்கள். இந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட், மதியம் மூன்று மணி வரை தூங்குவேன். நாலு மணியிலிருந்து ஆறரைக்குள் நீங்கள் முன்பு மெசேஜ் போட்ட அதே எண்ணில் எடுப்பேன். ஆலை லேண்ட்லைனுக்கு மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், அந்தப் போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது.

நன்றி மேடம்.

அன்புடன்,
மா. முனிராஜ்
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்